ஒரே தாளா, மாதத்துக்கு ஒரு தாளா, இரட்டைப் பதிவா? வீட்டுத் தொழிலுக்குக் கணக்குத் தாள் அமைப்பது

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வரவு செலவை ஸ்பிரெட்ஷீட்டுக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா என்பதுதான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. போனிலேயே எழுதுகிறவருக்குக் கூகுள் ஷீட்ஸ் வசதி. பழைய கம்ப்யூட்டர் இருந்தால் லிப்ரே ஆபீஸ் போதும், காசும் இல்லை. யோசிக்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தாளை எப்படி அமைப்பது? ஆறு மாதம் கழித்து அமைப்பை மாற்ற வேண்டி வந்தால், எழுதிய அத்தனை வரிகளையும் திரும்ப உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

வழக்கத்தில் இருப்பவை மூன்று அமைப்புகள். எல்லாப் பதிவும் ஒரே நீளத் தாளில் வரிசையாகப் போவது ஒன்று. மாதத்துக்கு ஒரு தாள் வைத்து, மூலப்பொருள், பாக்கிங், பயணம் என்று செலவுகளைத் தனித்தனிப் பத்திகளாகப் பிரிப்பது இன்னொன்று. பற்றும் வரவுமாக எழுதும் இரட்டைப் பதிவு மூன்றாவது. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். என் அண்ணி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தே ஊறுகாயும் இட்லிப் பொடி, பருப்புப் பொடியும் போட்டு விற்கிறார். அக்கம்பக்கத்தார் கையில் பணம் கொடுத்து வாங்குவார்கள். வாட்ஸ்அப்பில் சொல்லி வாங்குகிறவர்கள் யுபிஐயில் அனுப்புவார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒன்று, முதுநகரில் ஒன்று, நெல்லிக்குப்பத்தில் ஒன்று என மூன்று கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குப் போகிறது. பெரும்பாலான வீட்டுத் தொழில்கள் இந்த அளவில்தான் நடக்கின்றன.

மாதத் தாள் முறையை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் தானாகவே போய்ச் சேருவது அங்கேதான். பழைய ரொக்க ஏட்டின் வடிவமும் அதுவே. இடது பக்கம் தேதியும் விவரமும், வலது பக்கம் செலவுக்கு ஏழெட்டுப் பத்திகள், அடியில் கூட்டல். கண்ணுக்கு அழகாக இருக்கும். அச்செடுத்து ஆடிட்டரிடம் கொடுக்கவும் தோது. ஒரு தொகை தவறான பத்தியில் விழுந்தால் பார்த்தவுடனே தெரியும் என்பதையும் இதன் நல்ல குணமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் இது கெட்டுப்போகும் விதமும் எப்போதும் ஒன்றுதான். முதல் மாதத் தாளில் அடியில் `=SUM(F2:F40)` என்று போட்டிருப்போம். அடுத்த மாதம் வியாபாரம் கூடி ஐம்பது வரி வரும். நாற்பதாவது வரிக்குக் கீழே எழுதியவை கூட்டலில் சேராது, தாளும் அதைச் சொல்லாது. ஒவ்வொரு மாத இருப்பையும் அடுத்த தாளின் தலையில் கையால் ஏற்ற வேண்டும். மே மாதத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் ஜூன் தொடக்க இருப்பு பழையபடியே நிற்கும். பாட்டிலுக்குப் புதிதாக ஒரு பத்தி வேண்டுமென்று ஆகஸ்டில் சேர்த்தால் அதற்கு முந்தைய தாள்களில் அந்தப் பத்தி இருக்காது. வருஷக் கடைசியில் "மிளகாய்க்கு மட்டும் மொத்தம் எவ்வளவு போச்சு?" என்று கேட்டால், பன்னிரண்டு தாளையும் திறந்து காகிதத்தில் குறித்துக் கூட்ட வேண்டியதுதான்.

இரட்டைப் பதிவு கணக்கியல் படித்தவர்களுக்குப் பிடித்தது. முறையாகப் பார்த்தால் அதுவே முழுமையான கணக்கு. ஆனால் ஸ்பிரெட்ஷீட்டில் அதைக் கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். ஒரு வரியை மறந்தால், டேலி போன்ற மென்பொருள் சேமிக்க விடாமல் நிறுத்தும். ஸ்பிரெட்ஷீட் நிறுத்தாது. மாதக் கடைசியில் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒன்றா என்று பார்க்கும் இருப்பாய்வு பொருந்தாமல் போகும்போதுதான் தெரியும், அதற்குப் பிறகு தேடல். உழைப்பு இரட்டிப்பு, காவல் மட்டும் கிடையாது. தொழிலுக்குக் கடன் வாங்கி மெஷின் போட்டாகிவிட்டது, பங்குதாரர் சேர்ந்தாகிவிட்டது, ஜிஎஸ்டி பதிவும் வந்துவிட்டது என்றால் இரட்டைப் பதிவு வேண்டும்தான். அப்போது அதற்கென்று செய்த மென்பொருளுக்கே போய்விடலாம்.

மிஞ்சுவது ஒரே நீளத் தாள். அண்ணியின் அளவில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு: பத்திகள் சரியாக இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் இது வெறும் குறிப்புப் பட்டியலாகிவிடும்.

பத்திகள்

"பதிவு" என்று பெயரிட்ட தாளில் ஏழு பத்திகள் போதும். A தேதி, B விவரம், C வகை, D கணக்கு, E வரவு, F செலவு, G பில் எண். இதில் பலர் விட்டுவிடுவது D பத்தியை. பணம் எங்கே வந்தது அல்லது எங்கிருந்து போனது என்பதை அது சொல்கிறது: "கை" அல்லது "வங்கி". இந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் மாதக் கடைசியில் டப்பாவில் இருக்கும் பணத்தோடும் பாஸ்புக்கோடும் ஒப்பிட வழியே இல்லை. மொத்த இருப்பு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

C பத்தியில் வகைகளைக் குறைவாக வையுங்கள். அண்ணியின் தாளில் விற்பனை, கடை வசூல், மூலப்பொருள், பாக்கிங், அரைவை எரிபொருள், பயணம் பார்சல் ஆகியவை தொழிலுக்கானவை. இவற்றோடு வருமானமும் இல்லாத, தொழில் செலவும் இல்லாத மூன்று வகைகள் இருக்கின்றன: ஆரம்ப இருப்பு, மாற்றம், வீட்டு எடுப்பு. டப்பாவிலிருந்து 2,000 ரூபாயை வங்கியில் போட்டால் இரண்டு வரி எழுத வேண்டும். "கை" கணக்கில் செலவு 2,000, "வங்கி" கணக்கில் வரவு 2,000, இரண்டுக்கும் வகை "மாற்றம்". வீட்டு மளிகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ எடுத்தால் "வீட்டு எடுப்பு". இதைத் தொழில் செலவோடு சேர்த்துவிட்டால் லாபமான மாதமும் நஷ்டமாகத் தெரியும்.

தொழிலுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு இருந்தால் வேலை பாதியாகக் குறையும். குடும்பக் கணக்கிலேயே யுபிஐ பணமும் வந்து விழுந்தால், கேபிள் பில்லும் சீட்டுப் பணமும் நடுவே நிற்கும் வங்கி அறிக்கையிலிருந்து ஊறுகாய்க் காசைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கும்.

வகையையும் கணக்கையும் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். கூகுள் ஷீட்ஸில் `Data` மெனுவில் `Data validation` என்று இருக்கிறது. அதில் வகைகளைக் கொடுத்துவிட்டால், செல்லைத் தொட்டதும் பட்டியல் விரியும். "மூலப்பொருள்" என்பதற்குப் பின்னால் ஒரு காலி இடம் சேர்ந்துவிட்டாலும் கூட்டலுக்கு அது வேறு வகைதான். தமிழில் அடிக்கும்போது இது இன்னும் எளிதாக நேரும், கண்ணுக்கும் தெரியாது.

தேதியிலும் ஒரு கண்ணி. கோப்பின் `Settings` பகுதியில் `Locale` அமெரிக்கா என்று இருந்தால் 5/6 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/6 என்று அடித்தால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பார்த்தே கண்டுபிடிக்கலாம்: தேதியாக ஏற்றது செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக நினைத்தது இடது ஓரத்தில் நிற்கும். தொகையும் அப்படியே. "1200/-" என்று பழக்க தோஷத்தில் அடித்தால் அது எண்ணே இல்லை, கூட்டலில் வராது. தொடங்குமுன் `Locale` இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது தாளுக்குப் பெயர் "மாதம்". அதில் A பத்தியில் வகைகள் கீழே கீழே, முதல் வரியில் B1 தொடங்கி மாதத்தின் முதல் தேதிகள். B1 செல்லில் 1/4, C1 செல்லில் 1/5, D1 செல்லில் 1/6 என்று போகும். செலவு வகை A5 செல்லில் இருந்தால் B5 செல்லில் இதைப் போட்டு, வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடலாம்:

```
=SUMIFS('பதிவு'!$F:$F,'பதிவு'!$C:$C,$A5,'பதிவு'!$A:$A,">="&B$1,'பதிவு'!$A:$A,"<"&EDATE(B$1,1))
```

வரவு வகைகளுக்கு `$F:$F` இருக்கும் இடத்தில் `$E:$E`. பத்தி முழுவதையும் எடுத்துக்கொள்வதால் நாற்பதாவது வரிப் பிரச்சினை இங்கே கிடையாது. மாதத் தாள் முறையின் அழகான கட்டங்களும் இங்கேயே கிடைத்துவிடுகின்றன, பதிவைப் பன்னிரண்டாகப் பிரிக்காமலே. கையிருப்புக்கு இது:

```
=SUMIFS('பதிவு'!E:E,'பதிவு'!D:D,"கை")-SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!D:D,"கை")
```

"கை" என்பதை "வங்கி" என்று மாற்றினால் வங்கி இருப்பு. ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்பை இரண்டு கணக்குக்கும் முதல் இரண்டு வரிகளில் வரவாக எழுதியிருந்தால்தான் இது சரியாக வரும்.

கடைப் பாக்கிக்கு மூன்றாவது தாள். தேதி, கடை, பில் எண், பில் தொகை, வசூல் என்று ஐந்து பத்திகள். சரக்குப் போட்ட அன்று பில் தொகை, பணம் வந்த அன்று புதிய வரியில் வசூல். கடைக்காரர் 3,000 ரூபாய் பில்லுக்கு 2,000 மட்டும் கொடுத்தாலும் இதில் குழப்பம் வராது. வசூலான பணத்தைப் "பதிவு" தாளிலும் "கடை வசூல்" என்று எழுத வேண்டும். சரக்குப் போன அன்று "பதிவு" தாளில் ஒன்றும் எழுதக் கூடாது, பணம் கை மாறவில்லையே.

ஒரு ஜூன் மாதம்

இப்போது எண்களைப் பார்க்கலாம். மாதத் தொடக்கத்தில் டப்பாவில் 3,200, வங்கியில் 11,450, ஆக 14,650. மாதத்தில் ரொக்க விற்பனை 9,800, யுபிஐ விற்பனை 14,300, கடை வசூல் வங்கியில் 6,500. மூலப்பொருளுக்கு ரொக்கமாக 4,100, வங்கியிலிருந்து 7,900. பாக்கிங் வங்கியிலிருந்து 2,350. அரைவை எரிபொருள் ரொக்கம் 1,950, பயணம் பார்சல் ரொக்கம் 1,150. வீட்டுக்கு எடுத்தது ரொக்கம் 2,000, வங்கி 6,000. டப்பாவிலிருந்து வங்கியில் போட்டது 2,000.

தாள் சொல்லும் இருப்பு: கையில் 1,800, வங்கியில் 18,000.

ஜூலை 1 காலை, முதல் வியாபாரம் நடக்குமுன், டப்பாவை எண்ண வேண்டும். அன்று மாலை எண்ணினால் அன்றைய காசும் சேர்ந்துகொள்ளும். எண்ணியதில் 1,530தான் இருந்தது. "டப்பாவுல இருநூத்தி எழுபது குறையுதே, யார் எடுத்தீங்க?" என்று அண்ணி வீட்டில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். 270 ஒன்பதால் வகுபடும் எண். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்காவது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு எழுதுகிறவர்களிடம் வெகுகாலமாக இருக்கும் சோதனை இது. "கை" வரிகளில் மட்டும் தேடினால் போதும் என்பதால் பத்து நிமிஷத்தில் கிடைத்தது: மிளகாய் அரைத்த மில்லுக்குக் கொடுத்த 630, தாளில் 360 என்று விழுந்திருக்கிறது. D பத்தி இல்லாமல் இருந்திருந்தால் மாதத்தின் அத்தனை வரிகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வித்தியாசம் ஒன்பதால் வகுபடாவிட்டால் அதில் பாதித் தொகையைத் தேடிப் பாருங்கள். செலவை வரவுப் பத்தியில் எழுதியிருந்தால் இரண்டு மடங்காகத்தான் வித்தியாசம் காட்டும். 240 இடித்தால் 120 ரூபாய் வரி ஒன்று பத்தி மாறியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் எழுதாமலே விட்ட வரி.

வங்கியில் அதுதான் நடந்தது. தாளில் 18,000, வங்கி அறிக்கையில் 18,380. அறிக்கையை வரிவரியாகப் பார்த்து, தாளில் இருப்பதையெல்லாம் டிக் அடித்துக்கொண்டு போனால் டிக் இல்லாமல் நிற்பது ஒன்று: மாதக் கடைசியில் யாரோ அனுப்பிய 380. விற்பனை வரியாக ஜூன் தேதியில் அதைச் சேர்த்தாயிற்று.

திருத்திய பிறகு விற்பனையும் வசூலும் 30,980. தொழில் செலவு மூலப்பொருள் 12,000, பாக்கிங் 2,350, அரைவை எரிபொருள் 2,220, பயணம் பார்சல் 1,150, ஆக 17,720. மிச்சம் 13,260. வீட்டுக்கு எடுத்தது 8,000 போக 5,260. தொடக்க இருப்பு 14,650-இல் இதைக் கூட்டினால் 19,910. டப்பாவின் 1,530-ஐயும் வங்கியின் 18,380-ஐயும் கூட்டினாலும் அதே 19,910. வகைகளின் பக்கமிருந்து வந்தாலும் இருப்பின் பக்கமிருந்து வந்தாலும் ஒரே எண்ணில் நிற்கிறது. இரட்டைப் பதிவு தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஒரு ஒப்பீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. "மாதம்" தாளின் அடியில் இதை ஒரு வரியாக வைத்து, வித்தியாசம் பூஜ்யமா என்று பார்த்தால் போதும். வகை எழுதாமல் விட்ட வரி இருந்தாலும், தேதி எழுத்தாகிவிட்ட வரி இருந்தாலும் இது பூஜ்யம் ஆகாது.

பாக்கித் தாளில் மாதத் தொடக்கத்தில் 4,000 நின்றது. ஜூனில் 7,200 ரூபாய்க்குச் சரக்குப் போனது, 6,500 வசூல், ஆக 4,700 பாக்கி. மிச்சமான 13,260 என்பது கைக்கு வந்த பணத்தின் கணக்கு. பாக்கி 700 கூடியிருப்பது அதில் இல்லை. தாளில் எண்ணப்படாத இன்னொன்று, அடுக்கி வைத்திருக்கும் மூலப்பொருள். மாங்காய் சீசனில் மொத்தமாக வாங்கி உப்பில் போட்டால் அந்த மாதம் இளைத்துத் தெரியும், அடுத்த மாதங்கள் கொழுத்துத் தெரியும். அதனால் இந்தத் தாளில் ஒரு மாத லாபத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல், மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இருப்புச் சரக்கே பெரிய தொகையாகிற தொழிலுக்கு, உதாரணமாகச் சேலை வாங்கி விற்பவர்களுக்கு, இந்த அமைப்பு போதாது.

எல்லாம் பொருந்தியதும் அந்த மாத வரிகளுக்கு இளஞ்சாம்பல் நிறம் பூசிவிடுங்கள். நிறம் பூசிய வரியைப் பிறகு தொடக் கூடாது. ஆகஸ்டில் ஒரு ஜூன் பிழை தெரிந்தால், ஆகஸ்ட் தேதியில் "ஜூன் திருத்தம்" என்று புது வரி எழுதுவதுதான் முறை. அப்புறம், தாளை வரிசைப்படுத்துவதைத் தவிர்த்து `Filter` மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் தேதி ஓரிடம், தொகை ஓரிடம் என்று எல்லாம் கலைந்துவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் மட்டும் எட்டாவது பத்தி ஒன்றைச் சொல்வேன்: H, இடம். பாக்கித் தாளிலும் இது வேண்டும். நமக்கு முள்ளோடை எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போவது அன்றாட வேலை, பஸ்ஸில் அரை மணிப் பயணம்கூட இல்லை. ஜிஎஸ்டி சட்டத்துக்கோ அது மாநிலம் விட்டு மாநிலம். தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34.

பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்றுமுதல் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். மாதம் முப்பதாயிரத்தில் இருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்றுதான் தோன்றும். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோ அனுப்பி விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, தொகை சிறியதானாலும் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஊறுகாய் அதில் இல்லை. புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயிலில் ஒரு கடை வாரம் இருபது பாட்டில் கேட்டது என்று அண்ணி சந்தோஷமாகச் சொன்னபோது, சரக்கு அனுப்புமுன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னது இதனால்தான். H பத்தியில் "புதுச்சேரி" என்ற சொல் எத்தனை வரியில் வருகிறது என்று அவர் கேட்டால் ஒரு வடிகட்டலில் காட்டிவிடலாம்.

விற்றுமுதல் என்று கேட்கும்போது அது கைக்கு வந்த பணமில்லை, போட்ட பில்களின் கூட்டல் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் அமைப்பில் அது "பதிவு" தாளின் விற்பனை வகையும் பாக்கித் தாளின் பில் தொகைப் பத்தியும் சேர்ந்தது. "கடை வசூல்" இதில் வரக் கூடாது, வந்தால் அதே சரக்கு இரண்டு முறை எண்ணப்படும். ஜூனில் ரொக்கம் 9,800, யுபிஐ 14,680, கடைகளுக்குப் போன பில்கள் 7,200, ஆக 31,680.

மார்ச் 31 முடிந்ததும் கோப்பை நகலெடுத்து, புதிய கோப்பில் "பதிவு" தாளிலும் பாக்கித் தாளிலும் உள்ள வரிகளை மட்டும் அழித்து, "மாதம்" தாளின் தேதிகளைப் புது வருஷத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு ஆரம்ப இருப்பையும் கடைவாரியாக நிற்கும் பாக்கியையும் ஏற்றினால் ஏப்ரலுக்குத் தாள் தயார். ஏறிய பழைய பாக்கியை புது வருஷ விற்றுமுதலில் சேர்க்காமல் இருக்க, பில் எண் பத்தியில் "பழையது" என்று எழுதிவிடுங்கள். பில் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கலாம். பழைய கோப்பை டிரைவில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வைத்துவிட்டு, அதைத் திருத்தும் அனுமதியை எடுத்துவிடுங்கள். மாதத் தாள் முறையில் ஏற்கெனவே பாதி வருஷம் ஓட்டியவர்கள் நடுவில் மாற்ற வேண்டாம். இருக்கிற தாள்களில் "கை", "வங்கி" என்ற ஒரு பத்தியை மட்டும் இப்போதே சேர்த்துக்கொண்டு, ஏப்ரல் 1 வரை அதிலேயே ஓட்டலாம்.